வெளிநாட்டு வேலைக்கு இரண்டு பக்க ரெஸ்யூமே: எந்தப் பிரிவு முன்னே, எது பின்னே?

"சேலம் மாவட்டத்தில் ஓர் எஃகு ஆலையில் மின் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். மொத்த அனுபவம் 15 ஆண்டு. கனடாவின் ஹாமில்டன் நகரில் உள்ள ஓர் ஆலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். என் ரெஸ்யூமே ஐந்து பக்கம் இருக்கிறது. எதை எங்கே வைப்பது?"

முதலில் ரெஸ்யூமேயை மூடி வைத்துவிட்டு, வேலை அறிவிப்பை அச்செடுத்துக்கொண்டு ஒரு பேனாவுடன் உட்காருங்கள். பிரிவுகளின் வரிசையைத் தீர்மானிப்பது அந்த அறிவிப்புதான். அதில் உள்ள வரிகள் மூன்று வகையாகப் பிரியும். இல்லாவிட்டால் விண்ணப்பம் நிற்காது என்பவை முதல் வகை. இருந்தால் நல்லது என்பவை இரண்டாவது. 'குழுவாக இணைந்து பணியாற்றும் திறன்' போல எல்லா நிறுவனங்களும் வழக்கத்துக்காகச் சேர்ப்பவை மூன்றாவது. முதல் வகையை மட்டும் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதற்கான சான்று உங்கள் பணிவாழ்வில் எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள்.

உங்கள் விஷயத்தில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் கட்டாயமாகக் கேட்பவை ஐந்து: டிசி மோட்டார்களை அகற்றி ஏசி டிரைவுக்கு மாற்றிய அனுபவம், பிஎல்சியில் கோளாறு கண்டறிதல், நடுத்தர மின்னழுத்த சுவிட்ச்கியர் பராமரிப்பு, ஷட்டவுன் திட்டமிடல், மின் பாதுகாப்பு நடைமுறைகள். இவற்றில் நான்குக்குச் சான்று இப்போதைய வேலையில் இருக்கிறது. சுவிட்ச்கியருக்கான சான்று மட்டும் அதற்கு முந்தைய வேலையில், ஓர் அனல்மின் நிலையத்தில் இருக்கிறது. படிப்பில் ஒன்றுக்கும் சான்று இல்லை. நீங்கள் ஒன்றரைப் பக்கத்துக்குப் பட்டியலிட்டிருக்கும் பயிற்சி வகுப்புகளிலும் ஏறக்குறைய இல்லை.

இந்தத் தாளே வரிசையைச் சொல்லிவிடுகிறது. பெயரும் தொடர்பு விவரமும், அதன் கீழ் நான்கு வரிச் சுருக்கம், அதன் கீழ் இரண்டு வரியில் தொழில்நுட்பத் திறன்கள், உடனே பணி அனுபவம். இப்போதைய வேலைக்கு முதல் பக்கத்தின் எஞ்சிய இடத்தில் பெரும்பகுதி. அனல்மின் நிலைய வேலையின் முதல் இரண்டு வரிகளாவது முதல் பக்கத்தின் அடிக்குள் வந்துவிட வேண்டும். அந்த வேலையின் மீதியும் அதற்கு முந்தைய பயிற்சிப் பொறியாளர் காலமும் இரண்டாம் பக்கத்தில் தொடரும். பிறகு சான்றிதழ்கள், படிப்பு, மொழிகள்.

ஐந்து பக்க வடிவத்தில் இதே பொறியாளரின் முதல் பக்கம் முழுவதையும் 'குறிக்கோள்' என்ற பத்தியும், தந்தை பெயர் முதலான சொந்த விவரங்களும், பத்தாம் வகுப்பிலிருந்து தொடங்கும் மதிப்பெண் அட்டவணையும் நிரப்பியிருந்தன. டிசி டிரைவை மாற்றிய செய்தி நான்காம் பக்கத்தில், பதினோராவது வரியாக இருந்தது. முதல் சுற்றில் ரெஸ்யூமேக்களைப் பிரிப்பவர் பெரும்பாலும் பொறியாளராக இருப்பதில்லை. மனிதவளப் பிரிவைச் சேர்ந்தவர், அறிவிப்பில் உள்ள சொற்களை முதல் பக்கத்தில் தேடுகிறார். அங்கே கிடைக்காததை அவர் நான்காம் பக்கம் வரை துரத்திக்கொண்டு போக மாட்டார்.

சரிபார்க்க ஒரு வழி: இரண்டாம் பக்கத்தை எடுத்து ஒதுக்கிவிட்டு, முதல் பக்கத்தை மட்டும் அறிவிப்புடன் ஒப்பிடுங்கள். கட்டாயத் தேவைகள் அனைத்துக்கும் ஒரு வரியாவது பதில் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எது குறைகிறதோ அதற்குரிய பிரிவு கீழே தங்கிவிட்டது என்று பொருள்.

"சுருக்கப் பகுதியில் என்ன எழுதுவது? எல்லோரும் 'கடின உழைப்பாளி' என்றுதானே எழுதுகிறார்கள்?"

நான்கு வரிக்குள் நான்கு செய்திகள் போதும்: நீங்கள் யார், எத்தனை ஆண்டு, எந்த வகை ஆலையில், இந்த வேலைக்கு நேரடியாகப் பொருந்தும் இரண்டு செயல்கள் எவை. மேற்சொன்ன பொறியாளருக்கு இப்படி அமையும்: "எஃகு மற்றும் மின் உற்பத்தி ஆலைகளில் 15 ஆண்டு அனுபவமுள்ள மின் பராமரிப்புப் பொறியாளர். ஊறல் தொட்டி வரிசை ஒன்றில் டிசி மோட்டார்களை ஏசி டிரைவுகளாக மாற்றும் பணியை வழிநடத்தியவர். 6.6 கிலோவோல்ட் சுவிட்ச்கியர் பராமரிப்பில் ஐந்து ஆண்டு. இப்போது பத்துப் பேர் கொண்ட குழுவுக்குப் பொறுப்பு." இதில் உழைப்பு, நேர்மை, ஆர்வம் பற்றி ஒரு சொல்லும் இல்லை, அவற்றைத் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்வதால் யாரும் நம்புவதில்லை.

இந்தச் சுருக்கத்தை ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் மாற்றி எழுத வேண்டும். மற்றப் பகுதிகளில் வரிகளை மேலும் கீழும் நகர்த்தினால் போதும்.

"அனுபவப் பகுதியில் எல்லாவற்றையும் தேதி வரிசைப்படிதானே எழுத வேண்டும்? அதில் முக்கியத்துவத்துக்கு இடம் எங்கே?"

வேலைகளின் வரிசை தேதிப்படிதான், அண்மையது முதலில். அதை மாற்றக் கூடாது. ஆனால் ஒரே வேலைக்குள் எழுதும் புள்ளிகளுக்குத் தேதி வரிசை கிடையாது; அறிவிப்பு எதைக் கேட்கிறதோ அதை முதல் புள்ளியாக வைக்கலாம். நம் ஊர் ரெஸ்யூமேக்களில் 'பொறுப்புகள்' என்ற தலைப்பில் பதினைந்து புள்ளிகள், நியமன ஆணையிலிருந்து எடுத்து ஒட்டியதுபோல இருக்கும். இப்போதைய வேலைக்கு ஆறு புள்ளிகளும், முந்தையதற்கு நான்கும், அதற்கும் முந்தையதற்கு இரண்டும் என்பதே இரண்டு பக்கத்துக்குள் அடங்கும் அளவு. பத்தாண்டுக்கு முந்தைய வேலைக்கு நிறுவனம், பதவி, ஆண்டு ஆகிய மூன்றும் கொண்ட ஒற்றை வரியே பல நேரங்களில் போதும்.

ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். பழைய வடிவம்: "டிரைவ், பிஎல்சி, மோட்டார் ஆகியவற்றின் பராமரிப்புக்குப் பொறுப்பு." இதைப் படிப்பவருக்கு அந்தப் பொறியாளர் என்ன செய்தார் என்பது தெரியாது, பொறுப்பில் இருந்தும் ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கலாம். புதிய வடிவம்: "ஊறல் தொட்டி வரிசையில் எட்டு டிசி மோட்டார்களை அகற்றி ஏசி மோட்டாரும் டிரைவும் பொருத்தும் பணியை, 12 நாள் ஷட்டவுனுக்குள் முடித்தேன், இயக்கிப் பார்க்கும் திட்டத்தை நானே எழுதினேன், அடுத்த ஓராண்டில் அந்த வரிசையின் மின் கோளாறு நிறுத்தங்கள் பாதியாகக் குறைந்தன." எந்த இயந்திரம், எத்தனை, எவ்வளவு காலத்துக்குள், என் பங்கு எது, விளைவு என்ன என்ற ஐந்தும் ஒரே புள்ளியில் வந்துவிட்டன. இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் எழுதியவை. உங்களுடையவற்றை உங்கள் பதிவேடுகளிலிருந்து எடுக்க வேண்டும்.

எண்கள் எங்கே கிடைக்கும் என்று பலர் கேட்கிறார்கள். பிரேக்டவுன் ரிஜிஸ்டரிலும் ஷிப்ட் லாக் புத்தகத்திலும் மாதாந்தர அறிக்கையிலும் அவை இருக்கின்றன. ஆலையில் எஸ்ஏபி பராமரிப்புத் தொகுதி இருந்தால், `IW29` திரையில் உங்கள் பகுதிக்கான கோளாறு அறிவிப்புகளைத் தேதி வாரியாகப் பார்த்து, மாற்றத்துக்கு முந்தைய ஆண்டையும் பிந்தைய ஆண்டையும் ஒப்பிடலாம். அந்தப் பதிவுகளைப் படியெடுத்து வெளியே கொண்டுபோக வேண்டாம். எண்ணிப் பார்த்து விகிதத்தை மட்டும் எழுதுங்கள். உற்பத்தி டன் கணக்கு, வாடிக்கையாளர் பெயர், விலை ஆகியவை நிறுவனத்தின் ரகசியம். அவற்றை ரெஸ்யூமேயில் கொட்டுகிறவர், நாளை நம் ரகசியத்தையும் அப்படியே எழுதுவார் என்றுதான் புதிய முதலாளி நினைப்பார்.

நேர்காணலில் அந்த எண்ணைப் பற்றி நான்கு கேள்வி கேட்டாலும் பதில் சொல்ல முடிய வேண்டும் என்பதே எல்லை. குழுவாகச் செய்ததைத் தனியாகச் செய்ததுபோல எழுதினால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

"நான் வேலை பார்க்கும் ஆலையை இங்கே எல்லோருக்கும் தெரியும். கம்பெனி பெயரைப் போட்டால் போதாதா?"

'இரும்பாலை' என்றால் சேலம் ஜங்ஷனில் நிற்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் தெரியும், ஹாமில்டனில் தெரியாது. மேட்டூர், மேச்சேரி, கருப்பூர் என்ற பெயர்களும் அங்கே வெறும் ஒலிதான். எனவே ஒவ்வொரு நிறுவனத்தின் பெயருக்குக் கீழும் அது என்ன செய்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்: துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டும் ஆலை, நிலக்கரியில் இயங்கும் அனல்மின் நிலையம், மேக்னசைட் சுட்டுத் தீச்செங்கல் செய்யும் தொழிற்சாலை என்பதுபோல. பணியாளர் எண்ணிக்கையையோ திறனையோ நிறுவனமே வெளியிட்டிருந்தால் அதையும் சேர்க்கலாம்.

பதவிப் பெயருக்கும் இது பொருந்தும். 'ஏஜிஎம்', 'ஜிஇடி', 'ஜேஇ' போன்ற சுருக்கங்கள் இந்தியாவுக்கு வெளியே புரிவதில்லை. ஆணையில் உள்ள பதவிப் பெயரை விரித்து எழுதிவிட்டு, அதன் பொருளை முதல் புள்ளியில் வெளிப்படுத்துங்கள். பதவிப் பெயரையே மாற்றி எழுதக் கூடாது, ஏனென்றால் பின்னணி சரிபார்ப்பில் உங்கள் பழைய நிறுவனம் ஆணையில் இருப்பதைத்தான் சொல்லும். லட்சம், கோடி என்பவற்றையும் மாற்ற வேண்டும்: 1.2 கோடி ரூபாய் என்பது 12 மில்லியன் ரூபாய்.

மின்துறைக்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒன்று உண்டு. நாம் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் அமைப்பில் வேலை செய்கிறோம். கனடாவின் தொழிற்சாலைகளில் 600 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் வழக்கம். இந்திய ஐஎஸ் தர எண்களை எழுதினால் அங்கே யாரும் தேடிப் பார்க்க மாட்டார்கள். அதற்கு இணையான ஐஇசி தரத்தில் நீங்கள் உண்மையில் வேலை செய்திருந்தால் அதை எழுதுங்கள். அங்கே மின் பாதுகாப்புக்குப் பின்பற்றுவது சிஎஸ்ஏ இசட்462. அதைப் படித்திருந்தால் படித்திருக்கிறேன் என்று மட்டும் எழுதலாம். பின்பற்றி வேலை செய்ததாக எழுத முடியாது. தமிழ்நாட்டு மின் உரிம வாரியம் தரும் 'சி' லைசென்ஸ் அங்கே செல்லாது. ஆனாலும் இரண்டாம் பக்கச் சான்றிதழ்ப் பகுதியில், 'மாநில அரசின் மின் மேற்பார்வையாளர் தகுதிச் சான்று' என்று விளக்கி ஒரு வரி வைப்பது நல்லது.

"நான் மேக்னசைட் சூளையில் 9 ஆண்டு புராசஸ் இன்ஜினியராக இருந்தேன். கடந்த 4 ஆண்டாகத் தர மேலாளர். இப்போது வளைகுடாவில் ஒரு சிமெண்டு ஆலையின் சூளை வேலைக்குப் போட நினைக்கிறேன். பொருத்தமான அனுபவம் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடுகிறதே?"

இந்தத் தொகுப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் இதில்தான் வரிசை உண்மையாகவே வேலை செய்கிறது. பொதுவாகச் சொல்லப்படும் யோசனை, தேதிகளை விட்டுவிட்டுத் திறன் வாரியாக ரெஸ்யூமே எழுதுவது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தேதியில்லாத ரெஸ்யூமேயைப் பார்த்ததும் ஆள் எடுப்பவர் எதையோ மறைக்கிறார் என்றுதான் எண்ணுகிறார்.

அனுபவத்தையே இரண்டு பிரிவாகப் பிரித்துவிடுங்கள். முதல் பிரிவுக்கு 'சூளை மற்றும் செயல்முறை அனுபவம்' என்று தலைப்பு. இரண்டாவதற்கு 'பிற பணி அனுபவம்'. ஒவ்வொன்றுக்குள்ளும் அண்மையது முதலில், மாதமும் ஆண்டும் முழுமையாக. இப்படிச் செய்தால் ஒன்பது ஆண்டுச் சூளை வேலை முதல் பக்கத்தில் சுருக்கத்துக்கு அடுத்து வந்துவிடும். தர மேலாளர் வேலை இரண்டாம் பக்கத்தின் உச்சியில் நிற்கும். இப்போது என்ன செய்கிறார் என்ற கேள்வி எழாதபடி, சுருக்கத்தின் கடைசி வாக்கியத்தில் 'தற்போது அதே தொழிற்சாலையில் தர மேலாளர்' என்று சொல்லிவிட வேண்டும். தேதிகள் எல்லாம் காகிதத்தில் இருப்பதால் மறைத்ததாக யாரும் குறை கூற முடியாது.

அடுத்து, சூளை வேலையை எந்தச் சொற்களில் எழுதுவது என்பது. சேலத்தில் மேக்னசைட்டை 1,500 டிகிரி செல்சியசுக்கு மேல் சுட்டு, தீச்செங்கலுக்கான மூலப்பொருளாக ஆக்குகிறோம். சிமெண்டுச் சூளையின் எரி மண்டலத்தில் உட்பூச்சாக வைக்கப்படுவதே அந்த மேக்னீசியாச் செங்கல்தான். ஆகவே உங்களிடம் இரண்டு பொருத்தங்கள் உள்ளன: சுழல் சூளையை இயக்கிய அனுபவம், சூளையின் உட்பூச்சு எப்படித் தேய்கிறது, ஏன் உதிர்கிறது என்ற அறிவு. இரண்டாவதைப் பெரும்பாலோர் எழுதுவதே இல்லை. சிமெண்டு ஆலைக்குச் செங்கல் உதிர்ந்து சூளை நிற்பது பெரிய செலவு. சூளையின் வெளி ஓட்டின் மேற்பரப்பில் வெப்பப்புள்ளி தோன்றியபோது நீங்கள் என்ன கண்டீர்கள், என்ன செய்தீர்கள் என்ற ஒரே புள்ளி, தரக்கட்டுப்பாடு பற்றிய பத்துப் புள்ளிகளைவிட எடையுள்ளது.

தர மேலாளர் வேலையிலும் சூளையைத் தொடும் பகுதி இருக்கும்: எரிந்த பொருளின் அடர்த்தி குறைந்ததைச் சோதனையில் கண்டு, எரிபொருள் ஊட்டத்தைத் திருத்தச் சொன்னது போன்றவை. அந்த வேலையின் முதல் புள்ளியாக அதை வையுங்கள். தணிக்கை, ஆவணம், பயிற்சி பற்றியவை ஒரே வரிக்குள் அடங்கட்டும்.

"வளைகுடாவுக்கும் கனடாவுக்கும் ஒரே ரெஸ்யூமே அனுப்பலாமா?"

உடல் ஒன்று, தலை வேறு. கனடா, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளுக்குப் புகைப்படம், பிறந்த தேதி, திருமண நிலை, மதம், தந்தை பெயர் எதுவும் வேண்டாம். பாகுபாடு காட்டியதாகக் குற்றச்சாட்டு வந்துவிடக் கூடாது என்று அங்குள்ள நிறுவனங்கள் அஞ்சுகின்றன. புகைப்படத்துடன் வந்த ரெஸ்யூமே அவர்களுக்குச் சங்கடம்தான். வட அமெரிக்காவுக்குத் தாள் அளவு லெட்டர், அதாவது 216 × 279 மி.மீ.; மற்ற நாடுகளுக்கு ஏ4. ஏ4 தாளில் விளிம்புவரை நிரப்பிய பக்கத்தை லெட்டர் தாளில் அச்சிட்டால் கீழே இரண்டு மூன்று வரி அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டு, இரண்டு பக்கம் மூன்றாகிவிடும்.

வளைகுடாவில் ஆள் எடுப்பவர் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது நடைமுறைச் செய்திகளை: எந்த நாட்டுக் குடிமகன், இப்போது எங்கே இருக்கிறார், எவ்வளவு நாளில் வர முடியும், பட்டம் சான்றொப்பம் பெற்றதா, வளைகுடா ஓட்டுநர் உரிமம் உண்டா. இவற்றை இரண்டாம் பக்கக் கடைசியில் 'சொந்த விவரங்கள்' என்ற தலைப்பில் புதைக்காமல், தொடர்பு விவரத்துக்குக் கீழேயே ஒரே வரியாக வையுங்கள். சவூதிக்கு என்றால் அங்குள்ள பொறியாளர் மன்றத்தில் பதிவு தேவைப்படும். பதிவு செய்திருந்தால் அந்தச் செய்தியும் இந்த வரியிலேயே இருக்கட்டும்.

கனடாவில் இதற்கு இணையான இடத்தில் வர வேண்டியது, உங்களுக்கு அங்கே வேலை செய்யும் அனுமதி உண்டா என்பது. இல்லையென்றால் இல்லை, 'ஸ்பான்சர் தேவை' என்று ரெஸ்யூமேயின் தலையில் எழுதிக் கதவை நாமே சாத்திக்கொள்ள வேண்டாம். விண்ணப்பப் படிவத்தில் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். பட்ட மதிப்பீட்டு அறிக்கை வாங்கியிருந்தால், படிப்புப் பிரிவில் பட்டத்துக்குப் பக்கத்தில் அதைக் குறிப்பிடலாம். இன்னொன்று: கனடாவில் உரிமம் பெற்றவர் மட்டுமே 'புரொஃபஷனல் இன்ஜினியர்' என்று தம்மைச் சொல்லிக்கொள்ளலாம். அந்தந்த மாகாணத்தின் ஒழுங்குமுறை அமைப்பு தரும் பட்டம் அது. நம் ஊர்ப் பழக்கத்தில் பெயருக்குக் கீழே அப்படி எழுதிவிடாதீர்கள். 'மின் பராமரிப்பு வல்லுநர், டிரைவ் மற்றும் ஆட்டோமேஷன்' என்பதுபோல வேலையைச் சொல்லும் தலைப்பு போதும்.

"ஜெர்மனிக்கு?"

அங்கே அட்டவணைபோலத் தோன்றும் வடிவம், தேதிகள் இடது பக்கத்தில் மாதமும் ஆண்டுமாக, அண்மையது முதலில். இடைவெளியை அவர்கள் கவனிக்கிறார்கள். மூன்று மாதம் வேலை இல்லாமல் ஜெர்மன் வகுப்புக்குப் போயிருந்தால் அதையும் ஒரு வரியாக எழுதுங்கள். புகைப்படம் வைக்கும் வழக்கம் இன்னும் உண்டு என்றாலும், 2006-இல் வந்த சமநடத்தைச் சட்டத்துக்குப் பிறகு அது கட்டாயமில்லை. மற்ற நாடுகளுக்கு நீக்கச் சொல்லும் இடம், தேதி, கையொப்பம் ஆகியவை இங்கே மட்டும் கடைசியில் வருவதுண்டு. ஆனால் 'மேற்கூறியவை உண்மை என உறுதியளிக்கிறேன்' என்ற நம்மூர் வாசகம் தேவையில்லை.

வரிசையில் இரண்டு மாற்றம் செய்வேன். மொழிப் பிரிவு முதல் பக்கத்துக்கு வர வேண்டும். பி1, பி2 என்று நிலையையும் தேர்வு எழுதிய ஆண்டையும் சொல்ல வேண்டும். படிப்புப் பிரிவு சற்று விரிவாக இருக்கலாம், ஏனென்றால் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் ஜெர்மனியின் `anabin` தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகம் `H+`, அதாவது அங்கீகரிக்கப்பட்டது, என்று மதிப்பிடப்பட்டுள்ளதா என்பது விசாவுக்கே தேவைப்படும். பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரை முதலிலும், படித்த கல்லூரியின் பெயரை அடுத்தும் எழுதுங்கள். கல்லூரிப் பெயரை மட்டும் எழுதினால் அவர்களால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

"பெயரை எப்படி எழுதுவது? எனக்கு இனிஷியல் மட்டும்தான்."

பாஸ்போர்ட்டில் உள்ளபடி. பாஸ்போர்ட்டில் இனிஷியல் தந்தை பெயராக விரிந்திருந்தால் ரெஸ்யூமேயிலும் விரித்தே எழுதுங்கள். விண்ணப்பப் படிவம், பட்டச் சான்று, விசா என எல்லா இடத்திலும் ஒரே வடிவம் இருப்பதுதான் நல்லது. முகவரிக்கு, கதவு எண், மாரியம்மன் கோயில் எதிர்ப்புறம், ஏற்காடு மெயின் ரோடு என்று ஐந்து வரி வேண்டாம். சேலம், தமிழ்நாடு, இந்தியா. தொலைபேசி எண்ணுக்கு முன்னால் `+91`.

"இணையத்தில் பதிவேற்றினால் கம்ப்யூட்டரே ரெஸ்யூமேயைப் படிக்கிறது என்கிறார்களே. நான் வைத்த வரிசை அதற்குப் புரியுமா?"

பெரிய நிறுவனங்களில் விண்ணப்ப மென்பொருள் உங்கள் கோப்பிலிருந்து எழுத்தை மட்டும் உருவி, பெயர், வேலை, படிப்பு எனக் கட்டங்களில் நிரப்புகிறது. இரண்டு பத்தியாகப் பிரித்த அலங்கார வடிவங்களில் அது இடது பத்தியின் வரியையும் வலது பத்தியின் வரியையும் ஒட்டிப் படித்துவிடுவதுண்டு. அட்டவணையும் எழுத்துப் பெட்டியும் அதே தொல்லையைத் தரும். பக்கத்தின் மேல்தலைப்பில் மட்டும் தொலைபேசி எண்ணை வைத்தால் அது விடுபட்டும் போகலாம். ஆகவே ஒற்றைப் பத்தி, சாதாரண எழுத்துரு, 10.5 அல்லது 11 புள்ளி அளவு, நான்கு புறமும் 2 செ.மீ. இடம். தலைப்புகள் வழக்கமான ஆங்கிலச் சொற்களாகவே இருக்கட்டும்: `Work Experience`, `Education`, `Certifications`. அனுபவத்தை இரண்டாகப் பிரித்தவர்களும் இரு தலைப்பிலும் `Experience` என்ற சொல் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

சோதிப்பது எளிது. பிடிஎஃப் கோப்பைத் திறந்து, `Ctrl+A` அழுத்தி, `Ctrl+C` மூலம் நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே தெரியும் வரிசைதான் மென்பொருளுக்கும் ஏறக்குறைய தெரியும். ஒரு நிறுவனத்தின் தேதி இன்னொன்றின் கீழ் போயிருந்தாலோ, எழுத்தே வராமல் வெறுமையாக இருந்தாலோ கோப்பைத் திருத்த வேண்டும். ஐந்து ரோடு ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து வாங்கிய ரெஸ்யூமே வெறும் படம்; அதில் நோட்பேடில் ஒட்ட ஒன்றும் கிடைக்காது.

"எவ்வளவு வெட்டியும் இரண்டரைப் பக்கம் வருகிறது. எழுத்தைச் சின்னதாக்கிவிடலாமா?"

எழுத்தைப் 10 புள்ளிக்குக் கீழே கொண்டுபோக வேண்டாம். வெட்டும் வரிசை இது: முதலில் உறுதிமொழி, குறிக்கோள், சொந்த விவரங்கள். பிறகு பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும். பட்டத்தின் சதவீதம்கூட 15 ஆண்டுக்குப் பிறகு யாருக்கும் தேவையில்லை. அடுத்து, ஒரு நாள், இரண்டு நாள் பயிற்சிகள். இந்த வேலைக்குத் தொடர்புள்ள மூன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். 'எம்எஸ் ஆபீஸ் தெரியும்' என்ற வரியும் போகலாம். பரிந்துரையாளர் பெயர்களைக் கேட்கும்போது தனியாகக் கொடுத்தால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சினால், ஒரே சாதனை இரண்டு வேலைகளில் வேறு சொற்களில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பராமரிப்புத் துறையினரின் ரெஸ்யூமேயில் 'தடுப்புப் பராமரிப்பு அட்டவணை தயாரித்தேன்' என்ற வரி மூன்று நிறுவனங்களுக்குக் கீழும் இருக்கும். எங்கே விளைவு மிகுதியோ அங்கே மட்டும் விட்டுவிடுங்கள்.

மாறாக, திட்டப் பணிகளில் பல தளங்களில் வேலை செய்தவர்களுக்கு இரண்டு பக்கம் உண்மையிலேயே போதாமல் இருக்கலாம். அவர்கள் திட்டப் பட்டியலைத் தனிக் கோப்பாக வைத்துக்கொண்டு, ரெஸ்யூமேயில் மிகப் பொருத்தமான நான்கைந்தை மட்டும் எழுதி, மற்றவை தனிப் பட்டியலில் உள்ளன என்று ஒரு வரி சேர்க்கலாம். ஆஸ்திரேலியக் குடியேற்றத்துக்காகப் பொறியாளர் மதிப்பீட்டுக்கு எழுதும் அனுபவக் கட்டுரைகளும் இதுபோலத் தனி ஆவணம்தான்; அவற்றை ரெஸ்யூமேக்குள் திணிக்கக் கூடாது.

"இடையில் 14 மாதம் ஏற்காட்டில் குடும்பத்தின் காபித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டேன். அதை விட்டுவிடலாமா?"

விட்டால் தேதிகளில் ஓட்டை தெரியும். பிற பணி அனுபவத்தில் ஒரு வரி எழுதுங்கள்: மாதம், ஆண்டு, 'குடும்பத் தோட்ட நிர்வாகம்'. அங்கே பம்பு, ஜெனரேட்டர், காபிக் கூழ் நீக்கும் இயந்திரம் ஆகியவற்றை நீங்களே பழுது பார்த்திருந்தால் அதையும் அதே வரியில் சேர்க்கலாம். அதற்குமேல் விளக்கம் வேண்டாம். நேர்காணலில் கேட்டால் சொல்வதற்குத்தான் மீதி.

"கோப்புக்கு என்ன பெயர் வைப்பது?"

`resume final new 2.pdf` என்று வைக்க வேண்டாம். பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், பிறகு வேலையின் பெயர், இடையில் அடிக்கோடு. நாட்டுவாரியாக வெவ்வேறு வடிவம் வைத்திருப்பவர்கள் அவற்றைத் தனித்தனி ஃபோல்டரில் பிரித்து வைப்பது நல்லது. வளைகுடாவுக்கான புகைப்பட வடிவம் டொரண்டோவுக்குப் போய்ச் சேர்ந்த கதைகள் உண்டு.